அங்கன்வாடிக்குப் பக்கத்துல சிதிலமான மேல்நிலைத் தொட்டி: பொதுநல மனுவுல எதை எழுதணும், எதைக் கேக்கணும்?

வடகரைச் செல்வி

எங்க ஊரு சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊராட்சி. ஊர்ப் பேரு இப்போதைக்கு வேண்டாம். தெருமுக்குல 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி நிக்கி. ஆறு தூண். தெக்குப் பக்கத்து ரெண்டு தூண்ல காரை உரிஞ்சு கம்பி வெளிய தெரியுது, அந்தக் கம்பியும் துருவேறி இத்துப் போயிருக்கு. தொட்டித் தூணுக்கும் அங்கன்வாடிச் சுவருக்கும் நடுவுல டேப் வச்சு அளந்தா ஆறு மீட்டர் கூட வரல. ரேஷன் கடை வரிசையும் அந்தத் தொட்டி நிழல்லதான் நிக்கும்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தோம், கிராமசபையில தீர்மானம் போட்டோம். வந்த பதில் எல்லாம் "பரிசீலனையில் உள்ளது". போன ஐப்பசி மழையில ஒரு கான்கிரீட் கட்டி விழுந்து, கீழ நிப்பாட்டியிருந்த பைக்கோட டேங்க் நசுங்கிருச்சு. இனி மதுரைக் கிளையில பொதுநல வழக்குதான்னு ஊர்ல முடிவு பண்ணியிருக்காவ. நாங்க எழுதின வரைவு இது:

"1994ஆம் ஆண்டு கட்டப்பட்ட இத்தொட்டி எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது. இரு குழந்தைகள் காயமடைந்துள்ளனர். பலமுறை மனு கொடுத்தும் அதிகாரிகள் அலட்சியம் காட்டுகின்றனர். ஆகவே தொட்டியை இடித்துப் புதிய தொட்டி கட்டவும், அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட வேண்டும்."

விவரம் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க.

ஷார்ஜா மேலப்பாளையத்தான்

வரைவு ரொம்ப மென்மையா இருக்குக்கா. அந்த இன்ஜினியரை சஸ்பெண்ட் பண்ணணும், கிரிமினல் கேஸ் போடணும்னு முதல் கோரிக்கையா வைங்க. பயம் வந்தாத்தான் வேலை நடக்கும். நாங்க வெளிநாட்டுல இருந்து செலவுக்குப் பணம் அனுப்பத் தயார்.

ஒத்தக்கடை வக்கீல்

நான் மதுரைக் கிளையில பிராக்டீஸ் பண்றேன். செல்வியம்மா, உங்க வரைவை எதிர்த்தரப்பு எப்படிப் படிக்கும்னு சொல்றேன்.

ரிட் நீதிமன்றத்துல சாட்சியைக் கூண்டில ஏத்தி விசாரிக்க மாட்டாங்க. நீங்க பிரமாணப் பத்திரத்துல ஒண்ணு சொல்லி, அரசுத் தரப்பு "அப்படி இல்லை, தொட்டி நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டா, அது தகராறுக்குரிய சங்கதி ஆயிரும். அதை நாங்க இங்க தீர்மானிக்க முடியாதுன்னு ஒரு வரியில மனு முடிஞ்சு போகலாம். அதனால பொதுநல மனுவோட பலம் உங்க குற்றச்சாட்டுல கிடையாது. அவங்க ஆபீஸ் காகிதத்துல என்ன எழுதியிருக்கோ அதுலதான் இருக்கு. அவங்க கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவங்களே மறுக்க முடியாது.

இப்ப உங்க நாலு வாக்கியத்தையும் பார்ப்போம். 1994ன்னு எப்படித் தெரியும்? "எந்நேரமும் இடிந்து விழும்"னு சொன்னது எந்தப் பொறியாளர்? ரெண்டு குழந்தைக்குக் காயம்னா ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா? "பலமுறை"ன்னா எந்தெந்தத் தேதி, எந்த ஆபீஸ் முத்திரை? நாலுக்கும் கையில தாள் இருந்தா வரைவு நிக்கும். எதுக்குத் தாள் இல்லையோ அந்த வாக்கியத்தை எடுத்துருங்க.

ஷார்ஜா தம்பிக்கு: சஸ்பென்ஷன் கேட்ட அந்த நிமிஷமே வழக்கு தொட்டியை விட்டுட்டு அந்த அதிகாரியைப் பத்தினதா மாறிடும். அவர் தனி வக்கீல் வைப்பார், பதில் மனுவுக்கு வாய்தா மேல வாய்தா வாங்குவார், அவ்வளவு நாளும் பிள்ளைங்க அந்தத் தூணுக்குக் கீழதான் உட்கார்ந்திருக்கும். பணம் அனுப்புறதுலயும் ஒரு விஷயம் இருக்கு, அதைப் பின்னால சொல்றேன்.

வடகரைச் செல்வி

1994ன்னு வாலிபர் சங்கத்துக்காரங்க தூண்ல பெயின்ட்ல எழுதியிருக்காவ, அவ்வளவுதான் ஆதாரம். பிள்ளைங்களுக்குக் காயம்ங்கிறது வாட்ஸப்ல வந்தது. அந்த ரெண்டு வீட்டுலயும் நேர்ல போய்க் கேட்டேன். ஒரு பிள்ளைக்கு அங்க விளையாடுறப்ப சிராய்ப்புதான், எதனாலன்னு அம்மாவுக்கே தெரியல. இன்னொரு பிள்ளை யாருன்னே யாருக்கும் தெரியல. பைக் சங்கதி மட்டும் உறுதி. வண்டிக்காரர் வீரவநல்லூர் போலீஸ்ல எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கி வச்சிருக்காரு. அதுல தேதி, நேரம், "மேல்நிலைத் தொட்டியிலிருந்து கான்கிரீட் விழுந்து" எல்லாம் இருக்கு.

ஒத்தக்கடை வக்கீல்

அந்த ரசீது ஒண்ணு போதும். காயம் பத்தின வரியை எடுத்துருங்க. நீங்க பத்து உண்மை சொல்லியிருந்தாலும் பொய்னு தெரிஞ்ச அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு கோர்ட்ல படிச்சுக் காட்டும்.

பழைய ஓவர்சியர்

யூனியன்ல முப்பது வருசத்துக்கு மேல தொட்டி, பள்ளிக்கூடம், பாலம்னு பாத்தவன் நான். தாயி, அந்தத் தூண்ல கீறல் நெடுக்கவா ஓடுது, குறுக்கவா? கம்பி போற வழியிலயே மேலயிருந்து கீழ நெடுக்கா ஓடுனா அது உள்ள துரு பிடிச்சதோட அடையாளம். இரும்பு துருவானா பழைய கனத்தப் போல பல மடங்கு இடத்தப் பிடிக்கும். உள்ள இருந்து முட்டி, மேல இருக்க கான்கிரீட்ட அதுவே வெடிக்க வச்சிரும். காரை உரிஞ்சு விழுந்ததுக்கு மழை மேல பழி போட்டா ஆகாது. தூணும் குறுக்குச் சட்டமும் சேருற மூட்டுல கீறல் இருந்தா அதையும் தனியா எழுதி வைங்க. பாரம் கைமாறுற இடம் அதுதான்.

இன்னொரு இடம் யாரும் பாக்க மாட்டாவ. தொட்டியோட மூடிக் கூரைக்கு உட்பக்கம். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணியோட ஆவி எந்நேரமும் அங்கதான் படிஞ்சிருக்கும். கூரைக் கம்பிதான் அநேகமா முதல்ல போகும். அதைப் பாக்க நீங்க யாரும் மேல ஏறக் கூடாது. ஏணிப் படியும் அதே துருவுலதான் நிக்கி.

கீழ நின்னு செய்ய முடிஞ்சது இவ்வளவுதான்: தூணுக்கு ஒண்ணுல இருந்து ஆறு வரை நம்பர் போட்டு ஒரு படம் வரைங்க. ஒவ்வொரு தூணையும் ஒரே நாள்ல, முழுசா ஒரு போட்டோ, உரிஞ்ச இடத்துல அளவு டேப்ப ஒட்டினாப்ல பிடிச்சு ஒரு போட்டோ எடுங்க. தொட்டி கழுவுன தேதின்னு தூண்ல வரிசையா எழுதியிருக்குமே, அதையும் எடுங்க. தொட்டி எங்க பொறுப்பு இல்லன்னு நாளைக்கு ஊராட்சி சொன்னா அதுவே பதில் சொல்லும்.

வீரை கணேசு

ஐகோர்ட் வரைக்கும் எதுக்குப் போகணும்? விழுற மாதிரி இருக்க கட்டடத்துக்கு 133ஆம் பிரிவு இருக்கு. சேரன்மகாதேவி சப் கலெக்டர் கிட்ட மனு போட்டா அவரே இடிக்க உத்தரவு போடலாம். போட்டோவுக்கு 65பி சர்டிபிகேட் இல்லாட்டி கோர்ட் தொடவே தொடாது, அதையும் பாத்துக்கிடுங்க. பேப்பர்ல ஒரு செய்தி வர வச்சிட்டா அந்தக் கட்டிங்கே பெரிய ஆதாரம்.

ஒத்தக்கடை வக்கீல்

கணேசு அண்ணாச்சி சொன்னதுல பாதி ரொம்ப உபயோகமானது. 133 பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துப் பிரிவு. 2024 ஜூலை 1லிருந்து புதுச் சட்டத்துல அது 152ஆம் பிரிவு. விழக்கூடிய நிலையில இருக்குற கட்டடத்தை அகற்றவோ சரி பண்ணவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். 1980ல ரத்லம் நகராட்சி வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது இந்த வழியாத்தான். நிதி இல்லைன்னு சொல்லி உள்ளாட்சி தன் கடமையில இருந்து தப்பிக்க முடியாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. உங்க மனுவுலயும் அது வேணும், ஏன்னா "நிதி ஒதுக்கீடு இல்லை"ன்னுதான் பதில் வரும்.

அதனால சப் கலெக்டருக்கு 152 மனு கட்டாயம் போடுங்க. வேலை நடந்தா நல்லது. நடக்கலைன்னா, மாற்று வழியைப் பயன்படுத்தாம நேரா வந்துட்டீங்கன்னு ஐகோர்ட்ல யாரும் சொல்ல முடியாது.

மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேக்குற 65பியும் இப்ப புதுச் சாட்சியச் சட்டத்துல 63ஆம் பிரிவா வந்திருக்கு. ரிட் மனுவுல போட்டோவை யாரும் மறுக்காத வரைக்கும் சான்றிதழ் இல்லைங்கிறதுக்காகத் தூக்கிப் போட மாட்டாங்க. இருந்தாலும் எடுத்தவர் கையெழுத்தோட சேர்த்து வச்சிருங்க, போன்ல இருக்க அசல் படத்தை அழிச்சிராதீங்க. பேப்பர் கட்டிங் மட்டும் ஆதாரம் ஆகாது. செய்தியை எழுதினவரும் யாரோ சொல்லக் கேட்டுத்தானே எழுதுறார்?

வீரை கணேசு

சப் கலெக்டர் உத்தரவு போட்டாலே வேலை நடந்துரும்னுதான் நான் இன்னும் சொல்லுதேன். மதுரைக்குப் போய் வர்ற செலவுக்கு அந்தத் தூணையே சரி பண்ணிரலாம்.

பழைய ஓவர்சியர்

தூணைச் சரி பண்ணிரலாம்னு லேசாச் சொல்லாதீய. துருப்பிடிச்ச கம்பிய சுத்தம் பண்ணாம, போன கம்பிக்குப் பதில் கம்பி சேக்காம, மேல காரையப் பூசி வெள்ளையடிச்சா கீறல் கண்ணுக்கு மறையும், துரு உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம் எந்தத் தூண் மோசம்னு பாத்துச் சொல்லவும் முடியாது.

களக்காட்டுக்காரி

நானும் இந்த வழக்குல சேரலாமா? எங்க தெருவுல குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினப்ப எங்க காம்பவுண்ட் சுவர் வெடிச்சிருச்சு. ஊராட்சியில கேட்டா கான்ட்ராக்டரைக் கேளுங்காவ. அதுக்கும் சேத்து இழப்பீடு கேட்டா ஒரே செலவுல முடியும்லா.

ஒத்தக்கடை வக்கீல்

அம்மா, உங்க சுவர் உங்க சொந்த நஷ்டம். அதைப் பொதுநல மனுவுல சேர்த்தா ரெண்டும் கெடும். இதுல எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லைன்னு மனுதாரர் சத்தியம் பண்ணணும். எவ்வளவு சேதம், யார் பொறுப்புன்னு சாட்சி வச்சு நிரூபிக்க வேண்டிய விஷயம் உங்களோடது. திருநெல்வேலி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேளுங்க. பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் கொடுப்பாங்க.

இந்த இடத்துலயே யார் மனுதாரர்ங்கிறதையும் சொல்லிடுறேன். 2010ல பொதுநல வழக்குகளை முறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றத்துக்கும் சொல்லிச்சு. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் கொண்டு வந்தது. சொந்த நலன் இல்லை, சொந்தப் பணத்துல வழக்கு நடத்துறேன், உள்நோக்கம் இருக்குன்னு கோர்ட் கண்டா செலவுத்தொகை கட்டுறேன்னு பிரமாணப் பத்திரத்துல எழுதணும். வருமானம், பான் எண் எல்லாம் வரும். வெளிநாட்டுல வசூல் பண்ணி அனுப்புற பணம் சிக்கலாகிறது அங்கதான். ஷார்ஜா தம்பி நல்ல மனசோட கேட்டாலும் அது வேண்டாம்.

வடகரைச் செல்வி

மனுதாரரா எங்க மாமா நிக்கிறேன்னு சொல்லுதாவ. ஓடியாடி மனு கொடுத்ததெல்லாம் அவியதான். ஆனா போன உள்ளாட்சித் தேர்தல்ல இப்பத் தலைவரா இருக்கிறவரை எதிர்த்து நின்னு தோத்தவிய.

ஒத்தக்கடை வக்கீல்

அவர் வேண்டாம். எதிர் மனுவோட முதல் பத்தியே அந்தத் தேர்தலாத்தான் இருக்கும். அந்த அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்புற ஒரு தாய், இல்லாட்டி நீங்க.

ஷார்ஜா மேலப்பாளையத்தான்

இதை நான் ஒத்துக்கிட மாட்டேன். தோத்தவருக்குக் குடிமகன் உரிமை இல்லையா? உழைச்ச மனுசனை ஒதுக்கி வைக்கிறது நியாயமா?

ஒத்தக்கடை வக்கீல்

உரிமை இருக்கு, சட்டப்படி தடையும் இல்லை. தேர்தல்ல தோத்தவர் போட்ட மனுவையும் கோர்ட் ஏத்துக்கிட்டது உண்டு. ஆனா இங்க சீக்கிரம் உத்தரவு வேணும்னா சந்தேகத்துக்கு இடம் தராத ஆள் நிக்கிறது நல்லதுன்னு என் அபிப்பிராயம். முடிவு உங்க ஊருக்கு உள்ளது.

பழைய ஓவர்சியர்

தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க தாயி. பத்து ரூவா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஆனா "ஏன் இடிக்கல?"ன்னு கேக்காதீய. காரணம் சொல்ல அவருக்குக் கடமை இல்ல, தாள் தரத்தான் கடமை. சொத்துப் பதிவேட்டுல இந்தத் தொட்டி இருக்க பக்கத்தோட நகல். கடைசியா நடந்த உறுதித்தன்மை ஆய்வறிக்கை நகல். இந்தத் தொட்டி சம்பந்தமா யூனியன் இன்ஜினியருக்கும் பி.டி.ஓ.வுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. பழுதுபாக்கச் செலவழிச்ச வேலைய அளந்து எழுதுன எம் புக் பக்கம். கிராமசபைத் தீர்மானத்துக்கு மேல எடுத்த நடவடிக்கைக் குறிப்பு. இவ்வளவு போதும். கோப்ப நேர்ல பாக்கணும்னும் ஒரு வரி சேத்துக்கிடுங்க, சில நேரம் நகல்ல வராதது கோப்புல இருக்கும்.

பாபநாசம் படித்துறை

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். ஆத்துல பல படித்துறையில படி உடைஞ்சு பாசி பிடிச்சு, குளிக்க வர்றவங்க வழுக்கி விழுறாங்க. இதே மாதிரி மனு அதுக்கும் போடலாமா?

ஒத்தக்கடை வக்கீல்

போடலாம், ஆனா முதல் கேள்வியே அந்தப் படித்துறை யாரோடதுங்கிறதுதான். நீர்வளத் துறையா, கோயிலா, பேரூராட்சியா? அது தெரியாம போட்டா ஆளாளுக்கு எங்களோடது இல்லைம்பாங்க. நீங்களும் தகவல் உரிமைல இருந்து ஆரம்பிங்க, தனி இழை போடுங்க.

வடகரைச் செல்வி *(சில வாரங்கள் கழித்து)*

பதில் வந்திருச்சு. முப்பது நாள் கழிஞ்சு, மேல்முறையீடு எழுதி வச்சிருந்த நேரத்துல வந்தது. மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, சொத்துப் பதிவேட்டுல தொட்டி கட்டின வருஷம் 1997–98. ரெண்டு, உறுதித்தன்மை ஆய்வறிக்கைக்கு "இப்பொருள் குறித்து ஆவணம் ஏதும் இல்லை"ன்னு எழுதியிருக்காவ. மூணாவதைப் படிச்சிட்டு எனக்குக் கை நடுங்கிருச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தியே யூனியன் இன்ஜினியர் பி.டி.ஓ.வுக்கு எழுதின கடிதம். "தூண்களில் கம்பிகள் வெளியே தெரிகின்றன, தொட்டி பயன்பாட்டிற்கு உகந்ததல்ல, இடித்து அப்புறப்படுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது." அது மேல "நிதி வந்தபின் பார்க்கவும்"னு ஒரு குறிப்பு. ரெண்டு வருசமா தெரிஞ்சே அந்தப் பிள்ளைகளை அங்க உக்கார வச்சிருக்காவ.

ஒத்தக்கடை வக்கீல்

உங்க வழக்கு இந்தக் கடிதம்தான். இனிமே "எந்நேரமும் இடிந்து விழும்"னு நீங்க சொல்ல வேண்டியதே இல்லை. இந்தத் தேதியில் இந்தப் பொறியாளர் இப்படி எழுதினார், இன்று வரை தொட்டியில் தண்ணீர் ஏற்றப்படுகிறது. ரெண்டு வாக்கியம் போதும். ஆய்வறிக்கை இல்லைங்கிற பதிலும் ஆதாரம்தான். ஆய்வு பண்ணி நல்லா இருக்குன்னு முடிவெடுத்தோம்னு இனி அவங்க சொல்ல முடியாது. வருஷத்தைப் பதிவேட்டின்படி 1997–98ன்னு எழுதுங்க, பெயின்ட் எழுத்தை விட்டுருங்க.

இந்தக் கடித நகலோட கலெக்டருக்கும் பி.டி.ஓ.வுக்கும் புதுசா ஒரு கோரிக்கை மனு, ஸ்பீட் போஸ்ட்ல, கொடுத்ததுக்கான ஒப்புகையோட அனுப்புங்க. நியாயமான அவகாசம் கொடுத்துட்டு வழக்குப் போடுவோம்.

பழைய ஓவர்சியர்

2021 டிசம்பர் 17 அன்னைக்கு நெல்லையில பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பையங்க செத்துப் போனாங்களே. அது முடிஞ்சு மாநிலம் பூரா பழைய பள்ளிக் கட்டடங்களை ஆய்வு பண்ணச் சொன்னாவ. அதையும் எழுதணும். மனசு கேக்க மாட்டேங்கு.

ஒத்தக்கடை வக்கீல்

எழுதுவோம் ஐயா, தேதியோட ஒரே வாக்கியமா. இந்த மாவட்ட நிர்வாகத்துக்கு இந்த ஆபத்து புதுசில்லைன்னு காட்ட அது உதவும். அதுக்கு மேல நீட்டினா நம்ம தொட்டியை விட்டுக் கவனம் போயிரும்.

இப்ப கோரிக்கைப் பகுதி. "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்"னு மட்டும் கேட்டீங்கன்னா முதல் நாளே அப்படி ஒரு உத்தரவு கொடுத்து வழக்கை முடிச்சிருவாங்க. அப்புறம் பி.டி.ஓ. பரிசீலிச்சு "நிதி வந்ததும் செய்யப்படும்"னு ஒரு தாள் கொடுப்பார். உத்தரவை நிறைவேத்தினதா அது கணக்காயிரும். இழப்பீடு, நடவடிக்கை ரெண்டையும் எடுத்துட்டு, இன்னின்ன வேலையை இத்தனை நாளைக்குள்ள யார் செய்யணும்னு கேளுங்க. இடைக்கால மனுவுல மூணு: தொட்டியைக் காலி பண்ணி, சுத்தி வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைக்கணும். அங்கன்வாடியை உடனே வேற இடத்துக்கு மாத்தணும். சம்பந்தமில்லாத ஒரு பொறியாளர் குழு பரிசோதனை பண்ணி அறிக்கையைக் கோர்ட்ல கொடுக்கணும். பிரதான மனுவுல, அறிக்கைப்படி இடிக்கவும் மாற்றுத் தொட்டிக்கான கால அட்டவணையைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவும்.

எதிர்மனுதாரர்ல குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் கட்டாயம் இருக்கணும். பலரும் விட்டுர்ற ஆள் இவர். அங்கன்வாடி அவர் பொறுப்பு. அவர் வழக்குல ஒரு தரப்பா இல்லாம அதை மாத்தச் சொல்லி உத்தரவு வாங்குறது கஷ்டம். கலெக்டர், யூனியன் பி.டி.ஓ., செயற்பொறியாளர், ஊராட்சி இவங்க இயல்பா வந்துருவாங்க. தலைவரைப் பேர் சொல்லாம பதவியால சேர்த்தாப் போதும்.

பழைய ஓவர்சியர்

காலி பண்ணணும்னு சொல்லுறது சரி. பாதி நிரப்பினா போதும்னு யாராவது சொல்லுவாவ, ஒத்துக்கிடாதீங்க. 30,000 லிட்டர்னா தண்ணி மட்டும் 30 டன். பாதியே 15 டன்.

ஆனா ஒண்ணு, தண்ணிக்கு வழி சொல்லாம காலி பண்ணக் கேட்டா ஊரே உங்க மேல பாயும். ஊர்ல எத்தனை பேரு? ஆயிரம்னு வச்சா, ஆளுக்கு 55 லிட்டர்னு ஜல் ஜீவன் கணக்குப்படி நாளைக்கு 55,000 லிட்டர். அதாவது இந்தத் தொட்டி ரெண்டு தரம் நிறையணும். போர்ல இருந்து நேரா லைன்ல ஏத்தலாம்னு சொல்லுவாவ. பழைய பி.வி.சி. குழாய் மோட்டார் அழுத்தத்துக்குத் தாங்காம மூட்டு மூட்டா பிச்சிக்கிட்டுப் போகும். அதுக்குத் தெருவுக்குத் தெரு தரையில மேடை கட்டி 5,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வச்சு, நேரம் பிரிச்சு நிரப்புறதுதான் நடக்கிற காரியம். மோட்டார், போர் எல்லாம் இருக்கதுதான், புதுசாத் தொட்டியும் கொஞ்சம் குழாயும் மட்டும். மனுவுல இதை ஒரு பத்தியா எழுதுங்க. மாற்று ஏற்பாடு இல்லன்னு அவிய சொல்ல இடம் இருக்காது.

வேலி ஆறு மீட்டர்ல போட்டாப் போதாது. தொட்டி தலை வரைக்கும் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது சுத்தி ஆள் நடமாட்டம் கூடாது. ரேஷன் வரிசையையும் மாத்தணும். பரிசோதனைக்கு நம்ம திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி சிவில் துறையக் கேளுங்க. சுத்தியல் மாதிரி ஒரு கருவிய வச்சுத் தட்டி மேல்தோல் எவ்வளவு கெட்டின்னு பாப்பாவ, ஒலி அலைய உள்ள அனுப்பி வெடிப்பு இருக்கான்னு பாப்பாவ. சந்தேகமான இடத்துல உருளையா வெட்டி எடுத்து நசுக்கிப் பாப்பாவ. இதை நீங்களா ஒரு தனியார் ஆள வச்சுச் செய்ய முடியாது, ஊராட்சிச் சொத்துல துளை போட அனுமதி வேணும். அதான் கோர்ட் மூலமாக் கேக்கச் சொல்லுதேன்.

வடகரைச் செல்வி

அங்கன்வாடிய மாத்துறதுல ஊர் ரெண்டா நிக்கி. சமுதாயக் கூடம் காலியாத்தான் கிடக்கு, ஆனா மெயின் ரோட்ட தாண்டிப் போணும். சின்னப் பிள்ளைகளைத் தாண்டி அனுப்ப மாட்டோம்னு பாதித் தாய்மார் சொல்லுதாவ. கிழக்குத் தெருவுல ஒரு வாடகை வீடு இருக்கு, அங்க கழிப்பறை சரியில்ல. எதை மனுவுல எழுதன்னு தெரியல.

ஒத்தக்கடை வக்கீல்

இடத்தைக் குறிப்பிடாம "கழிப்பறையும் குடிநீரும் உள்ள பாதுகாப்பான மாற்று இடம்"னு கேட்டா, தேடிக் கொடுக்கிற பொறுப்பு அலுவலர் மேல விழும். ரெண்டு இடத்தையும் சாதக பாதகத்தோட தனித் தாளில வச்சிருங்க, நீதிபதி கேட்டா கொடுக்கலாம். எது சரின்னு எனக்குச் சொல்லத் தெரியல, தாய்மார் பேசி முடிவெடுக்கணும்.

முதல் நாள் எப்படி இருக்கும்னா, அரசு வக்கீல் நோட்டீஸ் வாங்கிட்டு அறிவுறுத்தல் பெற ரெண்டு வாரம் கேப்பார். அதுக்குள்ள வேலி வந்தாலும் வரும். வேலி வந்துட்டுன்னு மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி ஊர்ல பேசுவாங்க. வாங்காதீங்க. என்ன செஞ்சாங்க, மீதியை எப்பச் செய்வாங்கன்னு உத்தரவுல பதிவு பண்ண வைக்கணும். கெடு போட்ட உத்தரவு இருந்தாத்தான் மீறினா அவமதிப்பு மனு போட முடியும். அதையும் மீறின நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும்.

வடகரைச் செல்வி

இப்ப ஒரு அவசரம். இன்னைக்குக் காலையில தெக்குத் தூண் பக்கத்துல மணலும் சிமென்ட் மூட்டையும் இறக்கியிருக்காவ. கொத்தனார்ட்ட கேட்டேன், நாளைக்குப் பூசி சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்காங்களாம். நாங்க நகல் வாங்கின சேதி தெரிஞ்சிருக்கு போல.

பழைய ஓவர்சியர்

இருட்டுறதுக்குள்ள ஆறு தூணையும் மறுபடி போட்டோ எடுத்துருங்க, மணல் குவியலும் மூட்டையும் சேத்துத் தெரியுற மாதிரி. கொத்தனார்ட்ட சண்டை போடாதீங்க, அவர் கூலிக்கு வந்தவரு. தொட்டியில ஏறி மோட்டார் போடுற ஆபரேட்டர் பேரையும் எங்கயும் எழுதாதீங்க, வேலை போயிரும்.

ஒத்தக்கடை வக்கீல்

பி.டி.ஓ.வுக்கும் சப் கலெக்டருக்கும் இன்னைக்கே மின்னஞ்சல் அனுப்பிட்டு, நாளைக்குக் காலையில தபால்லயும் போடுங்க. வாசகம் இது: "பரிசோதனை முடியும் வரை தூண்களில் மேற்பூச்சு எதுவும் செய்ய வேண்டாம், செய்தால் பழுதின் அடையாளம் மறைக்கப்படும், பொறியாளரின் பரிந்துரைக் கடித நகல் இணைப்பு." பூசிட்டாங்கன்னா பழைய படமும் புதுப் படமும் பக்கத்துல பக்கத்துல, மனுவோட சேர்த்துக் கொடுக்குற ஆவணத் தொகுப்பான டைப்டு செட்ல போகும். இடைக்கால மனுவுல நாலாவது கோரிக்கையா பூச்சு வேலைக்குத் தடையும் சேர்க்கிறேன். பான் கார்டு நகல், போலீஸ் மனு ரசீது, தபால் ஒப்புகைகள், தகவல் உரிமைப் பதிலோட அசல், அந்தத் தூண் படம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புற தாயா ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வாங்க. யார் மனுதாரர்னு ஒத்தக்கடையில உக்காந்து முடிவு பண்ணலாம்.